46,000 ரூபாவை ஆறு பேருக்குப் பிரித்தல்: முதன்முறை சம்பள உயர்வு போடுபவருக்கு

மார்ச் மாதம் பணிப்பாளர் கூப்பிட்டுச் சொல்கிறார்: "உங்கட பிரிவுக்கு இந்த முறை மாசம் 46,000. எல்லாம் அடக்கித்தான். அதுக்கு மேல ஒரு சதமும் இல்லை. ஆருக்கு எவ்வளவு எண்டு போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை வாங்கோ."

நீங்கள் பிரிவுத் தலைவராகி ஒரு வருடம்தான் ஆகியிருக்கும். கீழே ஆறு பேர். அதில் ஒருவர் உங்களுக்கு வேலை பழக்கியவர். இன்னொருவர் உங்கள் ஊர்க்காரர். வெள்ளிக்கிழமைக்குள் ஆறு தொகைகள் எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் காரணமும் சொல்ல வேண்டும். இந்த வேலையைப் படிப்படியாக எப்படிச் செய்வது என்று, யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கணக்கெழுதிக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றின் பிரிவை உதாரணமாக வைத்து எழுதுகிறேன். ஆட்களும் சம்பளங்களும் கற்பனை. பெயருக்குப் பதில், நம் வழக்கப்படி ஊரைச் சொல்லியே கூப்பிடுகிறேன்.

முதலில் கையில் உண்மையாக எவ்வளவு இருக்கிறது?

"எல்லாம் அடக்கித்தான்" என்ற சொல்லைத்தான் புதியவர்கள் கவனிக்காமல் விடுகிறார்கள். இலங்கையில் ஒருவரின் சம்பளத்தில் 100 ரூபா கூட்டினால் நிறுவனத்துக்கு 115 ரூபா செலவாகும். ஈ.பி.எஃப். என்னும் ஊழியர் சேமலாப நிதிக்கு நிறுவனத்தின் பங்கு 12 சதவீதம், ஈ.ரி.எஃப். என்னும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதம். ஊழியரிடமிருந்து பிடிக்கும் 8 சதவீதம் அவருடைய சம்பளத்துக்குள்ளேயே வருவதால் இந்தக் கணக்கில் சேராது.

ஆகவே 46,000ஐ 1.15ஆல் வகுக்க வேண்டும். 40,000 வரும். நீங்கள் பிரிக்கப்போவது அதைத்தான். 46,000ஐயும் பிரித்துக் கொடுத்துவிட்டால், சம்பளப் பட்டியல் ஓடும் முதல் மாதமே 6,900 ரூபா துண்டு விழும். பணிப்பாளர் அடக்கமா இல்லையா என்று சொல்லாவிட்டால் கேட்டுவிடுங்கள், ஒரு நிமிட வேலை.

இன்னொரு கேள்வியும் உண்டு: எந்த மாதத்திலிருந்து? சில இடங்களில் மாதக் கணக்காகத் தராமல், ஏப்ரல் முதல் மார்ச் வரையான ஆண்டுக்கு 552,000 ரூபா என்று தருவார்கள். ஏப்ரலில் தொடங்கினால் அது மாதம் 46,000. ஜூலையில் தொடங்கினால் ஒன்பது மாதம்தானே, மாதம் 61,333 வரை போகலாமே என்று தோன்றும். இந்த ஆண்டுக்குச் சரியாகத்தான் வரும். ஆனால் அடுத்த ஆண்டு அதே உயர்வு பன்னிரண்டு மாதமும் ஓடி 736,000 ஆகிவிடும். ஒருமுறை கூட்டிய சம்பளத்தைக் குறைக்க முடியாது. அதனால் எப்போதும் பன்னிரண்டு மாதக் கணக்கிலேயே யோசியுங்கள்.

எல்லோருக்கும் ஒரே சதவீதம் போட்டால் என்ன?

நான் முதன்முறை அப்படித்தான் செய்தேன். சண்டை வராது என்று நினைத்தேன். சண்டை வரவில்லைதான். ஆனால் எட்டு மாதத்துக்குள் நன்றாக வேலை செய்த இருவர் கடிதம் கொடுத்துவிட்டுப் போனார்கள், இருக்கத் தேவையில்லாதவர்கள் இருந்தார்கள்.

நம் உதாரணத்தில் ஆறு பேரின் மொத்தச் சம்பளம் 540,000. நாற்பதாயிரம் என்பது அதில் 7.4 சதவீதம். எல்லோருக்கும் 7.4 போட்டால், 132,000 வாங்குபவருக்கு ஏறக்குறைய 9,800 கூடும், 68,000 வாங்குபவருக்கு 5,000 கூடும். ஏற்கெனவே சந்தைக்கு மேலே இருப்பவர் இன்னும் மேலே போவார், கீழே இருப்பவர் அதே இடத்தில் நிற்பார். யார் எப்படி வேலை செய்தார் என்பதற்கு அதில் இடமே இல்லை.

ஆகவே ஒவ்வொருவருக்கும் இரண்டு கேள்விகள். இந்த ஆண்டு வேலை எப்படி? இந்த வேலைக்கு வெளியே கொடுப்பதோடு ஒப்பிட்டால் அவர் சம்பளம் எங்கே நிற்கிறது? இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடாமல் தனித்தனியாக விடை காண்பதுதான் மீதி வேலை முழுவதும்.

சந்தைச் சம்பளத்தைக் கண்டுபிடித்தல்

மேலே உள்ளவர்கள் கொழும்பிலிருந்து ஒரு சம்பளக் கணக்கெடுப்பு அறிக்கை வாங்கித் தரலாம். உதவும், ஆனால் அப்படியே எடுக்க வேண்டாம். கொழும்பில் அறை வாடகைக்கு எடுத்து இருப்பவருக்கும், கொக்குவிலில் சொந்த வீட்டிலிருந்து சைக்கிளில் வருபவருக்கும் ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் கேட்கும் மனநிலை இருக்காது. அதே நேரம், வீட்டிலிருந்தபடி கொழும்பு நிறுவனத்துக்கோ வெளிநாட்டு வாடிக்கையாளருக்கோ வேலை செய்யக்கூடிய ஒருவருக்கு யாழ்ப்பாணச் சந்தை என்று தனியாக ஒன்று இல்லை. அவர் போட்டியிடும் இடத்தின் சம்பளம்தான் அவருடைய சந்தை. இளையவர்களுக்கு இன்னொரு போட்டி, அரசாங்க வேலை. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250இலிருந்து 40,000 ஆகப் படிப்படியாகக் கூட்டப்படும் என்று அறிவிக்கப்பட்டதற்குப் பிறகு, "போட்டிப் பரீட்சை எழுதப் போறன்" என்ற பேச்சை இலேசாக எடுக்க முடியாது.

நான் நம்பும் ஆதாரங்கள் மூன்று. கடந்த ஒன்றரை ஆண்டில் நாமே புதிதாக ஆள் எடுத்தபோது எவ்வளவுக்கு ஒத்துக்கொண்டார்கள். நேர்முகத்துக்கு வந்தவர்கள் இப்போது என்ன வாங்குவதாகச் சொன்னார்கள். விட்டுப் போனவர்கள் எவ்வளவுக்குப் போனார்கள். மூன்றாவதுதான் மிகச் சரியான நம்பர், ஆனால் அதைப் பெற நாம் கொடுக்கும் விலையும் பெரிது. ஒரேயொரு வேலை விளம்பரத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதில் இருப்பது பெரும்பாலும் ஆசைத் தொகை.

தொகையைத் தீர்மானிக்கும்போது வேலைக்குப் போடுங்கள், ஆளுக்குப் போடாதீர்கள். நம் பிரிவில் இரண்டு வேலைகள்தான். கணக்கு உதவியாளருக்கு 80,000, மூத்த கணக்கு அலுவலருக்கு 120,000 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். நன்றாக வேலை பழகிய, சாதாரணமாகச் செய்யும் ஒருவருக்கு வெளியே கொடுக்கும் நடுத் தொகை இது.

இனி ஒவ்வொருவரின் அடிப்படைச் சம்பளத்தையும் அவர் வேலையின் சந்தைத் தொகையால் வகுக்க வேண்டும். மனிதவளப் பிரிவில் இதைக் கொம்பா ரேஷியோ என்பார்கள். நான் சந்தை விகிதம் என்றே எழுதுகிறேன். 1.00 என்றால் சந்தையோடு சமம், 0.85 என்றால் 15 சதவீதம் பின்னால்.

| ஆள் | வேலை | சம்பளம் | சந்தை | விகிதம் |
|---|---|---|---|---|
| சுன்னாகத்து அண்ணை | மூத்த அலுவலர் | 132,000 | 120,000 | 1.10 |
| சாவகச்சேரி அக்கா | மூத்த அலுவலர் | 102,000 | 120,000 | 0.85 |
| காரைநகர்த் தம்பி | உதவியாளர் | 84,000 | 80,000 | 1.05 |
| மானிப்பாய்த் தம்பி | உதவியாளர் | 80,000 | 80,000 | 1.00 |
| கோப்பாய்த் தம்பி | உதவியாளர் | 74,000 | 80,000 | 0.925 |
| நெல்லியடித் தங்கச்சி | உதவியாளர் | 68,000 | 80,000 | 0.85 |

சாவகச்சேரி அக்காவைப் பாருங்கள். 2019இல் சேர்ந்தவர், வேலையில் குறை சொல்ல முடியாதவர், ஆனால் விகிதம் 0.85. இப்படி ஒருவர் அநேகமாக எல்லா அலுவலகத்திலும் இருப்பார். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம் வரை போனது. அதற்குப் பிறகு புதிதாக ஆள் எடுத்த நிறுவனங்கள் புதிய விலைக்குத்தான் எடுக்க முடிந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு வருடாவருடம் சிறிது சிறிதாகத்தான் கூடியது. விசுவாசமாக இருந்ததற்கு அவர் கட்டிய அபராதம்தான் அந்த 0.85.

வேலைத் தரத்தைச் சம்பளம் பார்க்காமல் போடுங்கள்

மேலே உள்ள அட்டவணையை மூடி வைத்துவிட்டுத்தான் இந்தப் படியைச் செய்ய வேண்டும். எக்செல்லில் சம்பளப் பத்திகளை மறைத்துவிட்டால் போதும். "பாவம், அவவுக்குச் சம்பளம் குறைவு, மிகச் சிறப்பு எண்டு போடுவம்" என்று கை தானாகப் போவதைத் தடுக்கத்தான் இது. சம்பளம் குறைவு என்பதைச் சந்தை விகிதம் பார்த்துக்கொள்ளும். தரத்துக்குள்ளும் அதைக் கொண்டுவந்தால் ஒரே காரணத்துக்கு இரண்டு தடவை காசு போகும், அது இன்னொருவரின் பங்கிலிருந்துதான் போகும்.

ஆறு பேருக்கு மூன்று தரம் போதும்: மிகச் சிறப்பு, எதிர்பார்த்தபடி, எதிர்பார்ப்புக்குக் கீழ். ஐந்து தரம் வைத்தால் நாலுக்கும் மூன்றுக்கும் நடுவில் வாதாடியே நேரம் போகும். ஒவ்வொரு தரத்துக்கும் பக்கத்தில் இரண்டு நடந்த விடயங்களை எழுதுங்கள். மாத முடிவுக் கணக்கை எத்தனை தடவை நாள் தவறாமல் அனுப்பினார், வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய பிழைகள் எத்தனை, யாருக்கு வேலை பழக்கினார் என்ற மாதிரி. எழுத ஒன்றும் கிடைக்காவிட்டால் அந்தத் தரம் உங்கள் மனப்பதிவு மட்டும்தான்.

இந்த இடத்தில் நம் ஊருக்கே உரிய ஒரு விடயம். "அவனுக்கென்ன, தமையன் கனடாவிலயிருந்து அனுப்புறான்", "இவவுக்குக் கலியாணம் பேசுகினம், கொஞ்சம் கூட்டிப் போடுங்கோ", "அவர் குடும்பக்காரர்" என்றெல்லாம் யாராவது சொல்வார்கள், உங்கள் மனமும் சொல்லும். தேவையைப் பார்த்துச் சம்பளம் போடத் தொடங்கினால் அதற்கு முடிவில்லை. ஆருக்கு எவ்வளவு தேவை என்று உங்களுக்குத் தெரியவும் தெரியாது. உண்மையாகவே இடர்ப்படும் ஒருவருக்கு முற்பணம், கடன் என்று வேறு வழிகள் உண்டு. இந்த நாற்பதாயிரம் அதற்கானதல்ல.

நம் பிரிவில் சாவகச்சேரி அக்காவும் காரைநகர்த் தம்பியும் மிகச் சிறப்பு. கோப்பாய்த் தம்பி எதிர்பார்ப்புக்குக் கீழ். வருட முடிவு வேலையில் ஒரே பிழையை மூன்று முறை விட்டு, மற்றவர்கள் இரவிருந்து திருத்த வேண்டி வந்தது. மீதி மூவரும் எதிர்பார்த்தபடி.

கட்டம் போடுதல்

இரண்டு விடைகளும் கிடைத்தாயிற்று. இனி இரண்டையும் ஒரு கட்டத்தில் சந்திக்க வைக்க வேண்டும். நடுக் கட்டத்திலிருந்து தொடங்குங்கள்: சந்தையோடு ஏறக்குறையச் சமமாக இருந்து, எதிர்பார்த்தபடி வேலை செய்பவர். அவருக்குப் பிரிவின் சராசரிக்குக் கிட்டிய ஒரு சதவீதம். நம்முடையது 7.4, ஆகவே 7. அங்கிருந்து இடப்பக்கம், அதாவது சந்தைக்குக் கீழே போகப் போகக் கூட்டுங்கள். வலப்பக்கம் குறையுங்கள். மேலே கூடும், கீழே குறையும்.

| வேலைத் தரம் | 0.90க்குக் கீழ் | 0.90 முதல் 1.05 வரை | 1.05க்கு மேல் |
|---|---|---|---|
| மிகச் சிறப்பு | 14% | 10% | 7% |
| எதிர்பார்த்தபடி | 10% | 7% | 4% |
| எதிர்பார்ப்புக்குக் கீழ் | 3% | 2% | 0% |

இந்தச் சதவீதங்கள் வேதவாக்கு அல்ல, முதல் ஊகம். அடுத்த படியில் பட்ஜெட் அவற்றைத் திருத்தும். ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையிலான விகிதாசாரம் மட்டும் இப்போது நியாயமாக இருந்தால் போதும்.

பெருக்கி, பட்ஜெட்டுக்கு அளவாகச் சுருக்குதல்

எக்செல்லில் B பத்தியில் சம்பளம், Cஇல் சந்தைத் தொகை, Eஇல் கட்டத்திலிருந்து எடுத்த சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மீதி இவ்வளவுதான்:

```
D2: =B2/C2
F2: =B2*E2
J1: =40000/SUM(F2:F7)
G2: =ROUNDDOWN(F2*$J$1,-2)
```

D, F, G மூன்றையும் ஏழாவது வரி வரை இழுத்து விடுங்கள். Fஇல் வரும் முதல் தொகைகள்: சுன்னாகத்து அண்ணைக்கு 5,280, சாவகச்சேரி அக்காவுக்கு 14,280, காரைநகருக்கு 8,400, மானிப்பாய்க்கு 5,600, கோப்பாய்க்கு 1,480, நெல்லியடிக்கு 6,800. கூட்டினால் 41,840. கையில் இருப்பது 40,000.

1,840 கூடிவிட்டது. இங்கே புதியவர் செய்யும் வேலை, "ஆர் சத்தம் போட மாட்டார்" என்று பார்த்து அவரிடம் 1,840ஐக் கழிப்பது. பெரும்பாலும் அது நெல்லியடித் தங்கச்சியாகத்தான் இருக்கும். அப்படிச் செய்யாமல் எல்லோரின் தொகையையும் ஒரே எண்ணால் பெருக்குங்கள். J1இல் வரும் எண் அதுதான்: 40,000ஐ 41,840ஆல் வகுத்தால் 0.956. இப்போது எல்லோருக்கும் அதே அளவில்தான் குறையும், ஆட்களுக்கிடையிலான ஒழுங்கு மாறாது. இந்த எண் 0.8க்குக் கீழேயோ 1.2க்கு மேலேயோ வந்தால், கட்டத்தின் சதவீதங்கள் பட்ஜெட்டுக்குப் பொருந்தாத இடத்தில் தொடங்கியிருக்கின்றன என்று அர்த்தம், திரும்பப் போய் மாற்றுங்கள்.

நூறு ரூபாக்களுக்குக் கீழ்நோக்கி முழுமையாக்கினால் 5,000, 13,600, 8,000, 5,300, 1,400, 6,500 என்று வரும். மொத்தம் 39,800. மிஞ்சும் 200, சந்தைக்கு ஆகப் பின்னால் நிற்கும், வேலையில் குறையில்லாத ஆளுக்கு. உயர்வுக்குப் பிறகும் ஆகப் பின்னால் நிற்பவர் நெல்லியடித் தங்கச்சி, ஆகவே அவருக்கு 6,700. மேல்நோக்கி முழுமையாக்க வேண்டாம். ஆறு பேருக்குச் சில நூறுதான், ஆனால் எல்லைக்கு மேலே ஒரு சதமும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள்.

வேலை முடிந்தது போலத் தெரிகிறதா? இல்லை.

உயர்வைப் பார்க்காதீர்கள், புதிய சம்பளத்தைப் பாருங்கள்

ஒரே வேலை செய்பவர்களின் புதிய சம்பளத்தை வரிசைப்படுத்திப் பாருங்கள். காரைநகர் 92,000. மானிப்பாய் 85,300. கோப்பாய் 75,400. நெல்லியடி 74,700.

எதிர்பார்த்தபடி வேலை செய்யும் நெல்லியடித் தங்கச்சி, அவர் திருத்திக் கொடுத்த பிழைகளை விட்ட கோப்பாய்த் தம்பியைவிட 700 ரூபா குறைவாக வாங்கப் போகிறார். கட்டம் அவருக்குப் பத்துச் சதவீதம் என்று தாராளமாகத்தான் சொன்னது. ஆனால் 68,000இல் பத்துச் சதவீதம் 6,800தான். அடித்தளம் சிறிதாக இருப்பவருக்குச் சதவீதம் எப்போதும் பெரிதாகத் தெரியும், காசு பெரிதாக வராது. உயர்வுப் பட்டியலை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. புதிய சம்பளத்தை வேலைவாரியாக அடுக்கினால் உடனே தெரியும். இந்த ஒரு சோதனையை மட்டும் ஒருபோதும் தவறவிடாதீர்கள். நாம் பார்க்காவிட்டாலும், பின்னேரத் தேநீர் நேரத்தில் அவர்கள் பார்த்துவிடுவார்கள்.

இப்போது கோப்பாய்த் தம்பியின் 1,400ஐ எடுத்துத் தங்கச்சியிடம் போட்டுவிட்டால் பிரச்சினை தீரும். விடையும் அநேகமாகச் சரியாகவே வரும். ஆனால் அப்படிச் செய்ய வேண்டாம் என்பேன். ஆளின் தொகையைக் கையால் மாற்றினால் அதற்குக் காரணம் உங்கள் விருப்பம் என்று ஆகிவிடும். கட்டத்தை மாற்றினால் அது எல்லோருக்கும் பொதுவான விதி. அடுத்த ஆண்டும் அதே விதி நிற்கும்.

இரண்டு மாற்றங்கள். எதிர்பார்ப்புக்குக் கீழே இருப்பவருக்கு எந்தப் பத்தியிலும் உயர்வு இல்லை: கடைசி வரி முழுவதும் 0. எதிர்பார்த்தபடி வேலை செய்து 0.90க்குக் கீழே நிற்பவருக்குப் பத்துக்குப் பதில் 12 சதவீதம். முதல் மாற்றத்தைப் பற்றிக் கருத்து வேறுபாடு வரும். விலைவாசி ஏறும் காலத்தில் பூச்சியம் என்பது உண்மையில் சம்பளக் குறைப்புத்தானே என்று கேட்பார்கள். ஆம், குறைப்புத்தான். ஆனால் அவருக்குக் கொடுக்கும் இரண்டு சதவீதம் அவரையும் திருப்திப்படுத்தாது, மற்றவர்களிடமிருந்தும் எடுக்கும். உயர்வு இல்லை என்று தெளிவாகச் சொல்லி, ஆறு மாதத்தில் திரும்பப் பார்ப்பதாக நாள் குறிப்பதே மேல் என்பது என் அனுபவம்.

புதிய கட்டத்தோடு திரும்ப ஓடவிட்டால் முதல் மொத்தம் 41,720, சுருக்கும் எண் 0.959. முழுமையாக்கியபின் மிஞ்சும் 300ஐயும் அதே விதிப்படி தங்கச்சிக்குப் போட்டால்:

- சுன்னாகத்து அண்ணை: 5,000 கூடி 137,000
- சாவகச்சேரி அக்கா: 13,600 கூடி 115,600
- காரைநகர்த் தம்பி: 8,000 கூடி 92,000
- மானிப்பாய்த் தம்பி: 5,300 கூடி 85,300
- நெல்லியடித் தங்கச்சி: 8,100 கூடி 76,100
- கோப்பாய்த் தம்பி: மாற்றமில்லை, 74,000

கூட்டிப் பாருங்கள், சரியாக 40,000. அக்காவின் விகிதம் 0.85இலிருந்து 0.96க்கு வந்திருக்கிறது, தங்கச்சியின் விகிதம் 0.95க்கு. ஒரே ஆண்டில் 1.00க்குக் கொண்டுவரப் பார்த்தால் மற்றவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. மீதி அடுத்த ஆண்டில்.

விளிம்பில் நிற்பவர்

காரைநகர்த் தம்பியின் விகிதம் சரியாக 1.05. அதனால்தான் அவருக்கு 10 சதவீதம் கிடைத்தது. உதவியாளரின் சந்தைத் தொகையை 80,000க்குப் பதில் 79,000 என்று எடுத்திருந்தால் அவர் விகிதம் 1.06 ஆகி, அடுத்த பத்திக்குப் போய் 7 சதவீதம்தான் கிடைத்திருக்கும். முதல் தொகையிலேயே 2,500 ரூபா வித்தியாசம். நாம் விசாரித்துக் கண்டுபிடித்த ஒரு தொகையில் ஆயிரம் ரூபா தளம்பியதற்கு ஒருவர் வருடத்துக்கு 30,000 இழப்பது சரியில்லை.

ஆகவே கணக்கு முடிந்ததும் சந்தைத் தொகைகளை ஆயிரம், இரண்டாயிரம் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். யாருடைய உயர்வு திடீரென்று குதிக்கிறதோ அவர் விளிம்பில் நிற்கிறார். அவருக்கு மட்டும் இரண்டு பத்திகளுக்கும் இடைப்பட்ட சதவீதம் போடலாம், காரணத்தை எழுதி வைத்துக்கொண்டு. நான் இங்கே தம்பியைப் பத்திலேயே விட்டேன். அதற்கு வேறொரு காரணம் உண்டு. புதிய சம்பளத்தில் அவர் விகிதம் 1.15. உதவியாளர் வேலைக்கு இதற்கு மேல் அதிகம் ஏற இடமில்லை. அவர் செய்வதோ பாதி மூத்த அலுவலர் வேலை. அவருக்கு வேண்டியது அடுத்த ஆண்டும் ஒரு சம்பள உயர்வு அல்ல, பதவி உயர்வு. அதற்கான காசை இந்த நாற்பதாயிரத்திலிருந்து எடுக்கக் கூடாது. பணிப்பாளரிடம் தனியாகக் கேட்க வேண்டும், வெள்ளிக்கிழமையே.

சுன்னாகத்து அண்ணை விடயத்திலும் ஒன்று. அவருக்குப் பன்னிரண்டு வருடச் சேவை. 15 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குச் சட்டப்படி பணிக்கொடை உண்டு: ஒவ்வொரு சேவை வருடத்துக்கும், கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தில் பாதி. ஆகவே அவருக்கு இன்று 5,000 கூட்டினால், பழைய பன்னிரண்டு வருடங்களுக்கும் சேர்த்துப் பணிக்கொடைப் பொறுப்பு 30,000 ரூபாவால் கூடுகிறது. இது உங்கள் 46,000இல் வராது, கணக்காளரின் புத்தகத்தில் வரும். பட்டியலோடு அவரிடமும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள், வருட முடிவில் கேள்வி வராது.

சொல்லும்போது

அண்ணையிடம் பேசுவதுதான் கடினம். அவர் உங்களுக்கு வேலை பழக்கியவர். "நேற்று வந்தவைக்கு எட்டாயிரம், எனக்கு ஐயாயிரமோ?" என்று கேட்பார். மற்றவரின் தொகை எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்டுப் பயனில்லை, தெரியும். அந்த எட்டாயிரத்தைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். அவருடையதைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

"அண்ணை, உங்கட வேலையில ஒரு குறையும் இல்லை. இந்த வேலைக்கு வெளியில குடுக்கிறது 120,000. நீங்கள் ஏற்கெனவே 132,000 வாங்குறியள். அதாலதான் இந்த முறை வீதம் குறைவு."

சந்தைத் தொகையை அவரிடம் சொல்லலாமா கூடாதா என்று நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சொல்ல அனுமதி இருந்தால் பேச்சு மிகவும் இலகுவாகும். இல்லையென்றால் "சந்தைக்கு மேலே" என்ற அளவில் நிறுத்துங்கள். "அடுத்த முறை பார்ப்பம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் விகிதம் இப்போது 1.14, அடுத்த முறையும் அதே வலப்பக்கப் பத்திதான்.

சாவகச்சேரி அக்காவிடம் 13,600 என்று சொல்லும்போது, இவ்வளவு காலமும் குறைவாகக் கொடுத்திருக்கிறோம் என்பதையும் ஒத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அது தெரியும். இன்னும் 4 சதவீதம் பின்னால் இருக்கிறார் என்பதையும் சொல்லுங்கள்.

கோப்பாய்த் தம்பியைக் கடைசியில் கூப்பிடாதீர்கள். மற்ற ஐந்து பேரும் சிரித்துக்கொண்டு வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டு இருக்க வைப்பது கொடுமை. முதலாவதாகவோ இரண்டாவதாகவோ கூப்பிட்டு, அந்த மூன்று பிழைகளையும் தாளில் காட்டி, செப்டெம்பர் மாத முடிவுக் கணக்கை யாரும் திருத்தாமல் அவரே முடித்தால் ஒக்டோபரில் திரும்பப் பேசுவோம் என்று எழுதிக் கொடுங்கள். அப்படி எழுதிக் கொடுப்பதாக இருந்தால், ஒக்டோபரில் கொடுப்பதற்குக் காசு இருக்கிறதா என்று பணிப்பாளரிடம் அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.